வாய் மூடின பிறகும் குரல் ஓடுதா? டப்பிங்ல நீளத்தைப் பொருத்துறது எப்படி

இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வரியை எடுத்து, அதைத் தமிழ்ல டப் பண்ணிப் பார்க்கப் போறோம். வரி இதுதான்: "மை கம்ப்யூட்டர் ஸ்டாப்ட் லாஸ்ட் நைட்." பேசுறவர் முகம் க்ளோஸப்ல இருக்கு. வரியோட நீளம் 2 செகண்ட்னு வச்சுப்போம்.

இதை எழுத்துத் தமிழ்ல மாத்தினா, "என்னுடைய கம்ப்யூட்டர் நேற்று இரவு நின்றுவிட்டது." இங்கிலீஷ்ல 7 சிலபிள், இதுல 17. அவர் வாயை மூடின பிறகும் நம்ம குரல் ஓடிக்கிட்டே இருக்கும். பார்க்கிறவங்க கண்ணுல முதல்ல படுற தப்பு இதுதான்.

அதனால முதல் வேலை, பேச்சுத் தமிழுக்கு வர்றது. "என் கம்ப்யூட்டர் நேத்து படுத்துச்சு." இப்போ 10 சிலபிள்தான்.

அடுத்து உதடு. ப, ம மாதிரி எழுத்துக்களுக்கு ரெண்டு உதடும் ஒட்டியே ஆகணும். மத்த ஒலிகள் கொஞ்சம் மாறினாலும் யாருக்கும் தெரியாது. ஆனா திரையில உதடு ஒட்டும்போது குரல்ல வாய் திறந்த ஒலி வந்தா உடனே உறுத்தும். நம்ம வரியில உதடு மூணு இடத்துல ஒட்டுது: "மை"யோட தொடக்கம், "கம்ப்யூட்டர்"ல வர்ற "ம்ப்", "ஸ்டாப்ட்"ல வர்ற "ப்". முதல் இடத்தை விட்டுடலாம், ஏன்னா பேச ஆரம்பிக்கும் முன்னாடி வாய் எப்படியும் மூடித்தான் இருக்கும். "கம்ப்யூட்டர்" ரெண்டு மொழியிலயும் அதே இடத்துல வந்துடுது. சிக்கல் மூணாவதுதான். இங்கிலீஷ்ல வினை நடுவுல வருது, தமிழ்ல கடைசியில.

ஆனா நாம பேசும்போது எப்பவும் அப்படியா பேசுறோம்? "என் கம்ப்யூட்டர் படுத்துச்சு, நேத்து"ன்னும் சொல்லுவோமே. இப்போ "ப" 5-வது சிலபிள்ல வருது. "ஸ்டாப்ட்" இருக்கிறதும் அதே 5-வது இடம்!

ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தா 2.3 செகண்ட் வருதுன்னு வைங்க. 2.3-ஐ 2-ஆல வகுத்தா 1.15. அந்த அளவுக்கு வேகத்தைக் கூட்டலாம், குரலோட சுருதி மாறாது:

```
ffmpeg -i voice.wav -filter:a "atempo=1.15" voice_fit.wav
```

இதுக்கு மேல போனா மூச்சு விடாம பேசுற மாதிரி கேட்கும். அப்போ வேகத்தைத் தொடாதீங்க, வார்த்தையைக் குறைங்க.

"போச்சு"ன்னு போட்டா 8 சிலபிள்ல முடிஞ்சிருக்குமே, ஏன் போடலைன்னு கேட்கலாம். அடுத்த வரியில அவர் காலையில அதை ரீஸ்டார்ட் பண்ணினேன்னு சொல்றார்னா, "போச்சு" அங்க பொய்யாயிடும். ரெண்டு சிலபிளுக்காக அர்த்தத்தை விடக்கூடாது. வாய் கொஞ்சம் பொருந்தலைன்னா ஒரு நொடி உறுத்தும், அவ்வளவுதான். தப்பான அர்த்தம் கேட்கிறவங்க மனசுல தங்கிடும்.