கதை சொல்பவர் மொழியும் கதைமாந்தர் மொழியும்

மாணவர்களே, தமிழில் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என இரண்டு உண்டு. ஒரு நிகழ்ச்சியைக் கதையாக எழுத முற்படும்போது எந்த வழக்கைக் கையாள்வது என்னும் ஐயம் எழும். திருவனந்தபுரத்தில் தமிழ் பயிலும் உங்களுக்கு இவ்வையம் சற்று மிகுதியாகவே எழும். உங்களுள் பலருடைய வீட்டுத் தமிழில் நாஞ்சில் நாட்டுச் சொற்களும் மலையாளச் சொற்களும் இயல்பாகக் கலந்துள்ளன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஸ்ரீவராகத்தில் வாழும் ஒரு பாட்டி, சாலைக் கடைத்தெருவிலிருந்து களைத்து வீடு திரும்புகிறார். அதனை ஒரு மாணவர் முழுவதும் பேச்சு வழக்கில் இவ்வாறு எழுதுகிறார்:

“பாட்டி கடையிலேருந்து வந்தா. திண்ணையில இருந்தா. கொஞ்சம் வெள்ளம் வேணும்னா.”

இதனைப் படிப்பவர் மூன்று இடங்களில் தயங்குவார். ‘வந்தா’ என்பது ‘வந்தாள்’ என்றும் பொருள்படும். ‘வந்தால்’ என்றும் பொருள்படும். ‘இருந்தா’, ‘வேணும்னா’ என்பனவும் அத்தகையனவே. பேச்சில் சொல்லின் இறுதி மெய் மறைவதால் இரு வேறு சொற்கள் ஒரே வடிவம் பெறுகின்றன. நேரில் கேட்பவருக்குக் குரலின் ஏற்ற இறக்கமும் இடைநிறுத்தமும் பொருளை உணர்த்திவிடும். தாளில் அவை இல்லை. மேலும், இங்கு ‘வெள்ளம்’ என்பது குடிநீர். சென்னையிலோ மதுரையிலோ உள்ளவருக்கு அது பெருக்கெடுத்தோடும் நீர்.

இத்தயக்கத்தை நீக்க எண்ணிய மற்றொரு மாணவர் முழுவதும் எழுத்து வழக்கில் எழுதுகிறார்:

“பாட்டி கடையிலிருந்து வந்தாள். ‘குழந்தாய், அருந்துவதற்குச் சிறிது நீர் கொண்டு வருவாயாக’ என்று கூறினாள்.”

பொருள் தெளிவாக உள்ளது. ஆயினும், பேசுபவர் நம் பாட்டி அல்லர். பழைய நாடக மேடையில் தோன்றும் அரசியார்! அவருடைய ஊர், வயது, களைப்பு, அன்பு யாவும் மறைந்துவிட்டன.

இனி, மூன்றாவது வடிவத்தைப் படியுங்கள்:

“மழை ஓய்ந்த பின் பாட்டி சாலைக் கடைத்தெருவிலிருந்து திரும்பினாள். காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தாள். ‘மக்கா, கொஞ்சம் வெள்ளம் எடுத்துட்டு வா’ என்றாள். நான் செம்பு நிறைய நீர் கொண்டுவந்து கொடுத்தேன்.”

இங்குக் கதை சொல்பவர் எழுத்து வழக்கிலும் பாட்டி பேச்சு வழக்கிலும் பேசுகின்றனர். ‘வெள்ளம்’ என்னும் சொல் நீக்கப்படவில்லை. அடைப்புக்குறிக்குள் விளக்கப்படவும் இல்லை. அடுத்த தொடரில் வரும் ‘செம்பு நிறைய நீர்’ என்பதே அதன் பொருளை உணர்த்திவிடுகிறது. வட்டாரச் சொல்லை வெளியூர் வாசகருக்கு விளங்க வைக்க இது எளிய வழியாகும்.

சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவன், அத்தெருவின் மனிதர்களையே தம் கதைகளில் படைத்தார். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த நீல. பத்மநாபன், 1968இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ நாவலில் இரணியல் வட்டாரப் பேச்சினைப் பதிவு செய்தார். தமிழகத்தின் எல்லைப் பேச்சு இத்தகைய படைப்புகளால் எழுத்தில் நிலைபெற்றது.

கதை சொல்பவரும் பேச்சு வழக்கிலேயே பேசலாமா? பேசலாம். கதை சொல்பவரே கதைமாந்தராகவும் இருந்தால் அவ்வழக்கு பொருந்தும். கி. ராஜநாராயணன் கரிசல் நாட்டுப் பேச்சின் நடையைக் கதை சொல்வதற்கே கையாண்டார். அவரே கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியையும் தொகுத்தார். வட்டாரச் சொல் மிகுந்தால் வெளியூர் வாசகருக்குத் துணை தேவை என்பதை இதனால் அறியலாம்.

கேட்போரும் பொருளும் மாறினால் தேர்வும் மாறும். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு வாய்மொழியாகக் கதை சொல்லும்போது பேச்சு வழக்கே ஏற்றது. ‘வந்தாள்’, ‘அமர்ந்தாள்’ என்றால் அவர்கள் விலகி நிற்பர். பள்ளி ஆண்டு மலருக்கு எழுதும் கதைக்கு மேலே கண்ட மூன்றாவது வடிவம் பொருந்தும். மழைநீர் தெருவில் தேங்கியது குறித்து மாநகராட்சிக்கு எழுதும் விண்ணப்பத்தில் எழுத்து வழக்கு மட்டுமே வேண்டும். அங்கு ‘வெள்ளம்’ என்று எழுதினால் தேங்கிய நீரா, குழாய் நீரா என்னும் குழப்பம் நேரும்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்க. மேற்கோள் குறிக்குள் உள்ளவற்றை மறைத்துவிட்டு, எஞ்சிய தொடர்களின் வினைமுற்றுகளை மட்டும் படியுங்கள். ‘வந்தாள், அமர்ந்தாள், சொன்னா’ என அவை கலந்து வந்தால், கதை சொல்பவரின் குரல் இடையில் மாறிவிட்டது என்று பொருள்.

பயிற்சி

1. ‘போனா’, ‘கேட்டா’ ஆகிய பேச்சு வடிவங்கள் ஒவ்வொன்றும் தரும் இரு பொருள்களை எழுத்து வழக்கில் எழுதுக.

2. உங்கள் வீட்டில் வழங்கும் வட்டாரச் சொல் ஒன்றை உரையாடலில் அமைத்து, அடுத்த தொடரிலேயே அதன் பொருள் விளங்குமாறு எழுதுக.

3. நீங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைத் தம்பிக்குச் சொல்வதுபோல் ஐந்து தொடர்களிலும், பள்ளி மலருக்கு எழுதுவதுபோல் ஐந்து தொடர்களிலும் எழுதுக.