அடுத்த துறையின் கண்ணில் படும் ப்ரொஃபைல்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் பெரிய மென்பொருள் நிறுவனங்களில், ஒரு புராஜெக்டுக்கு ஆள் தேவைப்பட்டால் உடனே வெளியே விளம்பரம் போவதில்லை. முதலில் உள்ளேயே தேடுகிறார்கள். தேடுபவர் பெரும்பாலும் மேனேஜர்கூட அல்ல, ஆர்.எம்.ஜி. எனப்படும் ஆள் ஒதுக்கீட்டுக் குழுவில் இருக்கும் ஒருவர். அவர் முன்னால் உள்ள திரையில் சில கட்டங்கள் இருக்கும்: முதன்மைத் திறன், அந்தத் திறனின் நிலை, கிரேடு, ஊர், எந்தத் தேதியிலிருந்து கிடைப்பார். அவற்றை நிரப்பித் தேடினால் ஒரு பட்டியல் வரும். அதில் சில பெயர்களைத் திறந்து பார்த்து, மூன்று நான்கு பேரை மேனேஜருக்கு அனுப்புவார். எத்தனை திறமை இருந்தாலும், பட்டியலில் வராதவரின் பெயர் அந்த மேனேஜரை எட்டுவதே இல்லை.

ஆகவே ஒரு ப்ரொஃபைல் இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் தேடலில் அகப்பட வேண்டும். அதைச் செய்வது டிக் அடிக்கும் திறன் கட்டங்கள். பிறகு படிப்பவரை நம்பவைக்க வேண்டும்; அதைச் செய்வது நாம் எழுதும் நாலைந்து வரிகள். துறை மாற விரும்பும் பலர் அந்த வரிகளை மெருகேற்றுவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். வேலையில் சேர்ந்தபோது பயிற்சிப் பிரிவு பதிந்த முதன்மைத் திறனோ பல வருடங்களாக அப்படியே கிடக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு விவரமாகப் பார்ப்போம். ஏழு வருட அனுபவமுள்ள ஒரு பெண். ஐரோப்பிய வங்கி ஒன்றின் இரவு நேர பேட்ச் வேலைகளைக் கவனிக்கும் சப்போர்ட் குழுவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகல் முழுக்க நடந்த பணப் பரிமாற்றங்களை இரவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நிரல்கள் கணக்கில் சேர்க்கும். நடுவில் ஏதாவது நின்றுபோனால், ஏன் நின்றது என்று கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடி ஓடவிடுவது அவர் வேலை. அவருக்கு டேட்டா இன்ஜினியரிங் பிரிவுக்குப் போக ஆசை.

அவருடைய ப்ரொஃபைலில் முதன்மைத் திறன் மெயின்ஃபிரேம். அடுத்தடுத்து புரொடக்‌ஷன் சப்போர்ட், ஐ.டி.ஐ.எல்., சர்வீஸ்நவ். புராஜெக்ட் விவரத்தில் அந்த அக்கவுண்டுக்குள் மட்டும் புழங்கும் ஒரு குறியீட்டுப் பெயர். கீழே, ‘இரண்டாம் நிலை டிக்கெட்டுகளைக் குறித்த நேரத்துக்குள் முடித்தேன்’ என்று ஒரு வரி. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் டேட்டா பிரிவுக்காகத் தேடுபவர் எஸ்.க்யூ.எல்., பைத்தான், ஈ.டி.எல். என்று கட்டங்களை நிரப்புகிறார். இந்தப் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் வர வழியே இல்லை.

இனி, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். இரண்டு கணக்குகள் ஒத்துப்போகாத இரவுகளில் நான்கைந்து டேபிள்களை இணைத்து எஸ்.க்யூ.எல். எழுதி, எந்தப் பரிமாற்றம் விடுபட்டது என்று தேடிப் பிடிக்கிறார். பேட்ச் தொடங்கும் முன் வந்து சேர்ந்த கோப்புகளைச் சரிபார்க்கப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறார். வரிகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா, தேதி காலியாக இருக்கிறதா, ஒரே பதிவு இருமுறை வந்திருக்கிறதா என்று அது பார்க்கும். எந்த வேலை முடிந்தபின் எது ஓட வேண்டும் என்ற வரிசையைக் கன்ட்ரோல்-எம் கருவியில் அமைக்கிறார். நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓட்டும்போது ஒரே பணம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்.

டேட்டா இன்ஜினியர்கள் தினமும் செய்வதில் பெரும்பகுதி இதுதான். இவருடைய குழுவில் ‘ஃபைல் செக்’ என்று சொல்வதை அங்கே டேட்டா வேலிடேஷன் என்பார்கள். ‘ஜாப் செட்டப்’ அங்கே ஆர்க்கெஸ்ட்ரேஷன். ‘டேலி பார்ப்பது’ அங்கே ரீகன்சிலியேஷன். வேலை ஒன்றுதான்; ஆனால் தேடும் கருவிக்கு அது தெரியாது, அவசரத்தில் புரட்டும் மேனேஜருக்கும் தெரியாது.

அதனால் ப்ரொஃபைலைத் திருத்த உட்காரும் முன் போகவேண்டிய இடம், அந்தத் துறை ஏற்கெனவே வெளியிட்ட ஐ.ஜே.பி. அறிவிப்புகள். நிறுவனத்துக்குள் மட்டும் சுற்றுக்கு விடப்படும் வேலை அறிவிப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கடந்த ஆறு மாதத்தில் வந்தவற்றில் பத்துப் பதினைந்தைப் படித்தால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கைக்கு வந்துவிடும். அவற்றில், நாம் உண்மையிலேயே செய்திருக்கும் வேலைக்குப் பொருந்துகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ‘மட்டும்’ முக்கியம். இதே அறிவிப்புகளில் ஸ்பார்க் என்ற சொல்லும் அடிக்கடி வரும். இந்தப் பெண் அதைத் தொட்டதில்லை. ஓர் ஆன்லைன் வகுப்பு பார்த்ததை வைத்து அதற்கும் டிக் அடித்தால் பட்டியலில் மேலே வரலாம். ஆனால் உள்துறை நேர்காணலில் எதிரே உட்காருபவர் அதே வேலையைத் தினமும் செய்கிறவர்; இரண்டாவது மூன்றாவது கேள்வியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். நிராகரித்த காரணத்தைப் பல நிறுவனங்களில் கருவியிலேயே பதிந்துவைக்கிறார்கள். அடுத்த முறை அதே துறையில் இன்னொரு மேனேஜர் பார்க்கும்போது அந்தக் குறிப்பு முன்னால் வந்து நிற்கும். வெளியே வேலை தேடுகிறவர் கம்பெனியை மாற்றித் தப்பலாம். உள்ளே அது முடியாது. ஸ்பார்க்கை ‘கற்றுக்கொண்டிருப்பவை’ என்ற பகுதியில் போடுவதே சரி. அந்தப் பகுதி இல்லாத கருவியானால், சுருக்கத்தின் கடைசி வரியில் நேராகச் சொல்லிவிடலாம்.

அடுத்தது நிலை. தன்னை 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னால், அடக்கமானவர் 2 போடுகிறார். துணிச்சல்காரர் 5 போடுகிறார். தேடுபவர் ‘3-க்கு மேல்’ என்று வடிகட்டும்போது, வேலை தெரிந்த அடக்கக்காரர் வெளியே நிற்கிறார். சப்போர்ட் குழுக்களில் இது மிக அதிகம், எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயமும் இதுதான். வருடக்கணக்கில் எஸ்.க்யூ.எல். எழுதியவர்கள், ‘நாங்கள் டெவலப்பர் இல்லையே’ என்று சொல்லிக் கீழே போட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் தோன்றி 2000-இல் முதல் பதிப்பு வந்த எஸ்.எஃப்.ஐ.ஏ. என்ற தகவல் தொழில்நுட்பத் திறன் வரையறை, ஏழு நிலைகளைச் சொல்கிறது. அனுபவ வருடங்களை அது எண்ணுவதில்லை. எவ்வளவு பொறுப்பைத் தனியாகச் சுமக்கிறோம் என்று பார்க்கிறது. முதல் நிலையில் சொன்னதைச் செய்கிறோம். இரண்டில் பிறருக்கு உதவுகிறோம். மூன்றில் வழக்கமான வேலையை நாமே செய்து முடிக்கிறோம். நான்கிலிருந்து சிக்கலான வேலையும் மற்றவர்களுக்கு வழிகாட்டுவதும் சேர்கின்றன. நிறுவனத்தின் கட்டம் ஐந்தோடு முடிந்தாலும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நம் உதாரணப் பெண் இரவு ஷிஃப்டில் யாரையும் கேட்காமல் எஸ்.க்யூ.எல். எழுதிப் பிழையைப் பிடிக்கிறார், புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லித்தருகிறார். ஐந்துக்கு நான்கு என்று அவர் தயங்காமல் போடலாம். பைத்தானில் ஒரே ஒரு நிரலைத்தான் எழுதிப் பராமரிக்கிறார். அங்கே மூன்று போதும்.

மதிப்பெண்ணை உயர்த்தினால் பல இடங்களில் இப்போதைய மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். அதனால் முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுவது நல்லது. மின்னஞ்சலில் திடீரென வந்து விழும் ஒப்புதல் கோரிக்கை, ‘இவர் கிளம்பப்போகிறார்’ என்ற செய்தியை மோசமான விதத்தில் சொல்லிவிடும்.

பிறகு நீக்க வேண்டியவை. சேர்ப்பதைவிட இதுதான் கடினம். அறுபது திறன்களுக்கு டிக் அடித்த ப்ரொஃபைல் எல்லாத் தேடலிலும் வரும், ஆனால் எதிலும் மேலே நிற்காது. திறந்து பார்ப்பவருக்கு இவர் எதில் கெட்டிக்காரர் என்றும் தெரியாது. கல்லூரியில் படித்த சி++, ஆறு வருடம் முன்னால் காலாவதியான சான்றிதழ், எல்லோருக்கும் தெரிந்த எக்செல், இவையெல்லாம் போகலாம். எட்டிலிருந்து பத்துக்குள் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் கடைசியாகப் பயன்படுத்திய வருடத்தை நிரப்ப வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிப்பவர் அது பழைய கதை என்றே எடுத்துக்கொள்வார். மெயின்ஃபிரேமை இந்தப் பெண் எடுத்துவிடக் கூடாது. முதன்மை இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறக்கினால் போதும். பழைய வங்கி அமைப்பிலிருந்து டேட்டாவை வெளியே எடுக்கும் புராஜெக்டுகளில் இரண்டு பக்கமும் தெரிந்தவர் கிடைப்பது அரிது.

இனி அந்த நாலைந்து வரிகள். இப்படி இருக்கலாம்: ‘ஐரோப்பிய வங்கியின் பணப் பரிமாற்ற பேட்ச் வேலைகளுக்குப் பொறுப்பு. கோப்புகள் வந்ததும் அவற்றைச் சரிபார்க்கும் பைத்தான் நிரல் எழுதி, இரண்டு வருடமாகப் பராமரிக்கிறேன். பேட்ச் தொடங்கும் முன்பே தவறான கோப்பு தடுக்கப்படுகிறது. கணக்கு வேறுபாடுகளை எஸ்.க்யூ.எல். மூலம் கண்டறிகிறேன். வேலைகளின் வரிசை அமைப்பு கன்ட்ரோல்-எம்மில். ஸ்பார்க் இப்போது கற்றுவருகிறேன்.’ ஒவ்வொரு வரியிலும் என்ன செய்தார், எதைக் கொண்டு, எதனால் என்ன நடந்தது என்பது இருக்கிறது. ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ என்பதை யாரும் தேடுவதில்லை. வங்கியின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளரின் பெயரை மற்ற அக்கவுண்டுகளுக்குச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராமல் இருக்கலாம்; உள்பக்கம்தானே என்று எழுதிவிட முடியாது.

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க ஒரே வழிதான். அந்தத் துறையில் தேடும் அனுமதி உள்ள ஒருவரிடம், அவர் வழக்கமாகத் தேடுவதுபோலவே தேடச் சொல்லுங்கள். பெயர் வரவில்லை என்றால் குறை பெரும்பாலும் கட்டங்களில் இருக்கும். ‘பைத்தான்’, ‘பைத்தான் ஸ்கிரிப்டிங்’, ‘பைத்தான் 3’ என்று ஒரே திறன் மூன்று பெயர்களில் அந்தப் பட்டியலில் கிடக்கலாம். நாம் ஒன்றில் டிக் அடித்திருப்போம், அவர்கள் இன்னொன்றில் தேடுவார்கள். இதைத் தனியாள் சரிசெய்ய முடியாது. அவர்கள் தேடும் பெயரையே தேர்ந்தெடுப்பதுதான் உடனடி வழி. உண்மையில் இது மனிதவளத் துறையின் வேலை. பிரான்ஸின் ஷ்னைடர் எலெக்ட்ரிக் ‘ஓபன் டேலன்ட் மார்க்கெட்’ என்ற உள்சந்தையைத் தொடங்கி, ஊழியரின் திறன்களையும் உள்ளே உள்ள வாய்ப்புகளையும் கருவியே பொருத்திப் பார்க்கும்படி செய்தது. அப்படிப்பட்ட கருவிகளும் ப்ரொஃபைலில் இருப்பதை வைத்துத்தான் பொருத்துகின்றன.

பெயர் வந்து, அழைப்பு வராவிட்டால் குறை வரிகளில் இருக்கலாம், அல்லது ‘கிடைக்கும் தேதி’யில். ஓர் அக்கவுண்டில் பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதம் இருந்தாக வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு. அதற்கு முன் வரும் தேதியைப் போட்டால் கருவி ஏற்றாலும் ஆர்.எம்.ஜி. ஏற்காது.

தேதி சரியாக இருந்தும், எடுத்துக்கொள்ளும் மேனேஜருக்கு ஒரு பயம் இருக்கும்: இவரைத் தேர்ந்தெடுத்தபின் பழைய குழு விடாமல் இரண்டு மூன்று மாதம் இழுத்தடித்தால்? அனுப்பும் மேனேஜருக்கும் அதே பயம் வேறு வடிவில் உண்டு: இரவு ஷிஃப்டை யார் பார்ப்பது? அதனால் இந்தப் பெண்ணின் சுருக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் ஒதுக்குவேன்: ‘இந்தப் பேட்ச் வேலைகளைத் தனியாக நடத்த இருவருக்குப் பயிற்சி கொடுத்து முடித்துவிட்டேன், குறிப்பேடும் தயார்.’ அதை எழுத முடியாத நிலையில் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் அந்தப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். அது முடிய எப்படியும் சில வாரங்கள் ஆகும்.