தேதி முதலில், திட்டம் பிறகு

2018 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, அந்த வாரக் கடைசி முழுக்க மூடி வைத்திருந்த இணைய வங்கிச் சேவையைத் திறந்தது. சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்குப் போய்ச் சேர்ந்திருந்தன. சேவை திறந்த சிறிது நேரத்திலேயே புகார்கள் குவியத் தொடங்கின. பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. நுழைந்தவர்களில் சிலருக்கு வேறு யாரோ ஒருவரின் கணக்கு விவரம் திரையில் தெரிந்தது. கிளைகளிலும் தொலைபேசியிலும் கூட்டம். சம்பளம் கொடுக்க முடியாத சிறு முதலாளிகள், வீட்டுக்கடன் தவணை போனதா இல்லையா என்று தெரியாத குடும்பங்கள். நிலைமை முழுதும் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கணக்குத் தரவுகள் பெரும்பாலும் சரியாகவே இடம் மாறியிருந்தன. மைக்ரேஷன் என்றால் ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது என்று நினைப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். எடுத்து வைத்தது சரி. வைத்த இடம்தான் பாரம் தாங்கவில்லை.

இப்படி ஒன்று நடந்து முடிந்தால், நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வது என்று சொல்லும் குறிப்பு. மென்பொருள் நிறுவனங்களில் இது அன்றாட வேலை. ஆனால் பெரும்பாலான குறிப்புகள் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. சேவை முடங்கிய நிமிடத்திலிருந்து அவை கதையைத் தொடங்குகின்றன. அங்கிருந்து தொடங்கினால் கடைசியில் கையில் கிடைப்பது ஒரு சர்வரும், அதில் தவறாக வைத்த ஓர் அமைப்பும்தான். டிஎஸ்பி வங்கியின் விஷயத்தில் எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது என்று பார்த்தால் இது புரியும்.

டிஎஸ்பி, லாயிட்ஸ் வங்கிக் குழுமத்திலிருந்து பிரிந்து 2013-ல் தனி வங்கியாகச் செயல்படத் தொடங்கியது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, கணினிச் சிஸ்டம் லாயிட்ஸுடையதாகவே இருந்தது. அதற்குக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வந்தது. 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி டிஎஸ்பியை வாங்கியது. தன்னிடம் ஏற்கெனவே இருந்த புரோட்டியோ என்ற சிஸ்டத்தைப் பிரிட்டனுக்கு ஏற்ப மாற்றிக் கட்டி, டிஎஸ்பியை அதற்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. கட்டும் பொறுப்பும், பிறகு நடத்தும் பொறுப்பும் சபாடெல்லின் தொழில்நுட்பத் துணை நிறுவனமான சாபிஸுக்குப் போனது. நாள் குறித்தார்கள்: 2017 நவம்பர்.

வேலை பின்தங்கியது. 2017 செப்டம்பரில், மைக்ரேஷன் 2018-ன் முதல் காலாண்டுக்குத் தள்ளிப்போகிறது என்று வங்கி அறிவித்தது. காலவரிசையில் பெரிய எழுத்தில் வர வேண்டிய வரி இதுதான். ஏனென்றால் புதிய திட்டத்தைப் போட்டு முடிப்பதற்கு முன்பே புதிய காலக்கெடு வெளியே போய்விட்டது. சில பணிகள் அப்போது ஏழு மாதம் வரை பின்தங்கியிருந்தன. மொத்தத் திட்டமோ நான்கு மாதம்தான் தள்ளிப்போனது. மீதி மூன்று மாதத்தை எங்கே பிடிக்கப் போகிறோம் என்று இயக்குநர் குழுவில் யாரும் கேட்டுத் துளைத்திருக்க வேண்டும். முதல் திட்டமும் இப்படித்தான் உருவானது: முடிவுத் தேதியை முதலில் வைத்துக்கொண்டு, வேலைகளை அதற்குள் பின்னோக்கி அடுக்கினார்கள்.

அந்த மாதங்களைப் பிடித்தது சோதனைகளிலிருந்து. ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய சோதனைகள் ஒரே சமயத்தில் நடந்தன. ஒரு சோதனையில் தெரிந்த குறையைச் சரிசெய்து, அதன்மேல் அடுத்ததை ஓட்டும் வாய்ப்பு குறைந்தது.

இனி அந்த டேட்டா சென்டர் விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். புதிய சிஸ்டம் இரண்டு டேட்டா சென்டர்களில் இயங்கியது. ஒன்று வேலை செய்ய இன்னொன்று சும்மா காத்திருக்கும் ஏற்பாடில்லை இது. இரண்டும் எந்நேரமும் வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். எந்தக் கோரிக்கை எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் கருவி ஒன்று முன்னால் இருக்கும். ஆகவே இரண்டு சென்டர்களும் எல்லா அமைப்பிலும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். ஒன்றில் ஓர் அமைப்பு மாறியிருந்தால், அங்கே போகிற கோரிக்கை மட்டும் தடுமாறும். அதே ஆள் அடுத்த முறை முயன்றால் மற்ற சென்டருக்குப் போய், எல்லாம் சரியாக நடக்கும். இப்படி வந்து வந்து போகும் கோளாறைக் கண்டுபிடிப்பது மகா சிரமம்.

எத்தனை பேர் ஒரே சமயத்தில் வந்தால் சிஸ்டம் தாங்கும் என்று பார்க்கும் சுமைச் சோதனை, இரண்டில் ஒரு சென்டரில்தான் நடந்தது. இரண்டு மதகு உள்ள ஏரியில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, வெள்ளத்துக்குத் தயார் என்று சொன்ன மாதிரி. இரண்டிலும் சோதித்திருந்தால் அவற்றுக்கு இடையே இருந்த அமைப்பு வேறுபாடுகள் முன்னதாகவே வெளிப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.  ஒன்றில் மட்டும் சோதித்தது டிஎஸ்பியின் இயக்குநர் குழுவுக்குத் தெரியாது. அவர்கள் மேசைக்கு வந்த காகிதத்தில் சோதனை முடிந்ததாக இருந்தது.

அந்த மேசைக்கு வந்த இன்னொரு காகிதமும் முக்கியமானது. சேவையைத் திறக்கும் முன், நடத்தப்போகிறவர்கள் தயாராக இருப்பதாகச் சாபிஸிடமிருந்து டிஎஸ்பி ஓர் உறுதிக் கடிதம் வாங்கியது. சாபிஸ் தன் பங்குக்கு 85 துணை ஒப்பந்த நிறுவனங்களை நம்பியிருந்தது. பிரிட்டனில் இத்தனை பேரை வைத்து வேலை வாங்கிய அனுபவம் அதற்கு இல்லை. அவர்களிடமிருந்து வந்த பதில்கள் பலவும் ‘தயாராக இருக்கிறோம்’ என்று சொல்லவில்லை, ‘தயாராகிவிடுவோம் என எதிர்பார்க்கிறோம்’ என்ற தொனியில் இருந்தன. அவற்றின் மேல் எழுப்பிய கடிதம், கை மாறி மேலே வரும்போது உறுதிமொழியாகிவிட்டது.

கோளாறு தொடங்கிய சில நாட்களில் ஐபிஎம் நிறுவனத்தை உதவிக்கு அழைத்தார்கள். அவர்கள் மூன்று நாளில் தந்த ஆரம்பக் குறிப்பு பிறகு நாடாளுமன்றக் குழு வழியாக வெளியே வந்தது. சேவையைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கக் கறாரான அளவுகோல்கள் வைத்திருந்ததற்கான ஆதாரத்தைக் காணவில்லை என்றும், சுமைச் சோதனை போதிய சான்று தரவில்லை என்றும், இரண்டு சென்டர்களுக்கிடையே சுமையைப் பிரிப்பதில் சிக்கல் இருக்கிறது என்றும் அது சொன்னது. அது அவசரத்தில் எழுதிய முதற்கட்டக் கணிப்பு என்பது வங்கியின் பதில். அதே வாரத்தில் தலைமை நிர்வாகி பால் பெஸ்டர், செயலியும் இணைய வங்கியும் இயங்கத் தொடங்கிவிட்டதாகப் பொதுவில் அறிவித்தார். வாடிக்கையாளர்களின் அனுபவம் வேறாக இருந்தது. நாடாளுமன்றக் குழு அவர்மேல் நம்பிக்கை இழந்ததாகச் சொன்னது; செப்டம்பரில் அவர் பதவி விலகினார்.

முழு விசாரணையை ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் நடத்தி, 2019 நவம்பரில் 262 பக்க அறிக்கையை வெளியிட்டது. இயக்குநர் குழு அதன் சில முடிவுகளை ஏற்கவில்லை. ஆனால் அறிக்கை காரணத்தைச் சொல்லும் விதம் பாடமாக வைக்கத் தக்கது. இரண்டே கேள்விகளுக்கு அது வந்து நிற்கிறது. மொத்த வாடிக்கையாளர்களையும் தாங்க சிஸ்டம் தயாராக இருந்ததா? அதை இயக்க சாபிஸ் தயாராக இருந்ததா? இரண்டுக்கும் பதில், இல்லை.

இதை ஒரு பக்க நிர்வாகக் குறிப்பாகச் சுருக்கினால் காரணம் என்ற பகுதியில் என்ன எழுதுவது? ‘டேட்டா சென்டர் அமைப்பில் பிழை’ என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் படிக்கிற நிர்வாகி பிழையைத் திருத்தியாயிற்றா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இப்படி எழுதலாம்: ‘இரண்டு சென்டர்களின் அமைப்பு வேறுபட்டிருந்தது. சுமைச் சோதனை ஒன்றில் மட்டும் நடந்ததால் அது தெரியவில்லை. ஒன்றில் மட்டும் நடந்தது என்பது முடிவெடுத்தவர்களுக்குத் தெரியவில்லை, ஏனெனில் சோதனை அறிக்கையில் எங்கே சோதித்தோம் என்ற விவரம் இல்லை.’ மூன்றாவது வரியில்தான் நிர்வாகம் கை வைக்கக்கூடிய இடம் வருகிறது. அறிக்கையின் படிவத்தை மாற்ற எந்தப் பொறியாளரும் தேவையில்லை.

பாடம் என்ற பகுதியும் அப்படித்தான். ‘சோதனையை மேம்படுத்துவோம்’ என்று எழுதியதை ஆறு மாதம் கழித்து யாரும் சரிபார்க்க முடியாது. ‘இரு சென்டர்களிலும் ஒரே நேரத்தில் உச்சச் சுமையை ஓட்டிய முடிவு இல்லாமல் திறப்பதற்கான ஒப்புதல் கேட்கக்கூடாது; அதற்குப் பொறுப்பு இன்னார்’ என்று எழுதியதைச் சரிபார்க்கலாம். வெளி நிறுவனத்தின் கடிதத்தில் ‘எதிர்பார்க்கிறோம்’ என்று இருந்தால், அது தயார் கணக்கில் சேராது என்பதையும் அப்படியே எழுதி வைக்கலாம். ஒரே வாரக் கடைசியில் பெரும்பாலானவர்களை மாற்றாமல், சிறு கூட்டமாகத் தொடங்கிப் படிப்படியாக மாற்றும் வழியையும் பாடமாகச் சேர்க்கத் தோன்றும். அதற்குச் செலவு உண்டு. பழைய, புதிய சிஸ்டம் இரண்டையும் மாதக்கணக்கில் சேர்த்து ஓட்ட வேண்டும். பழையதற்கு லாயிட்ஸுக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே அந்த வரியின் பக்கத்தில் அந்தச் செலவையும் எழுதுகிற குறிப்புதான் நிர்வாகத்துக்குப் பயன்படும்.

டிஎஸ்பி வங்கி கொடுத்த விலை பதிவில் இருக்கிறது. 2018-ல் மட்டும் இந்த மைக்ரேஷன் கோளாறால் 33 கோடி பவுண்டு செலவு. சுமார் 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிக்குப் போனார்கள். ஓராண்டுக்குள் 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல் புகார்கள். 2022 டிசம்பரில் பிரிட்டனின் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. அடுத்த ஏப்ரலில், வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரி கார்லோஸ் அபர்காவுக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் வந்தது. சாபிஸ் உண்மையிலேயே தயாரா என்று உறுதிசெய்ய அவர் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதும் அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று.