மூன்றால் வகுபடும் இரும எண்களுக்கான முடிவுறு தானியங்கியும் சுருங்குறித்தொடரும்

கணிமைக் கோட்பாட்டுப் பாடத்தின் ஒப்படைப்புகளில் அடிக்கடி இடம்பெறும் கணக்கு ஒன்று உண்டு. 0, 1 ஆகிய இரண்டு குறிகளால் ஆன சரங்களில், இரும எண்ணாகப் படிக்கும்போது 3-ஆல் மீதியின்றி வகுபடுபவற்றை மட்டும் ஏற்கும் முடிவுறு தானியங்கியை வரைந்து, அதே மொழிக்குச் சுருங்குறித்தொடரையும் எழுத வேண்டும் என்பதே அது.

மாணவர் பலர் சுருங்குறித்தொடரில் தொடங்குகின்றனர். 3, 6, 9, 12, 15, 18 ஆகியவற்றின் இரும வடிவங்கள் முறையே 11, 110, 1001, 1100, 1111, 10010. இவற்றைப் பார்த்ததும் 0, 11, 1001 ஆகிய மூன்று துண்டுகளால் எல்லாம் அமைந்துவிடுகின்றன என்று தோன்றும். எனவே `(0|11|1001)*` என்று விடை எழுதப்படுகிறது. மேற்கண்ட ஆறு எண்களுக்கும் அது பொருந்தும். ஏழாவதான 21-இல்தான் குட்டு வெளிப்படும். 21-இன் இரும வடிவம் 10101. அது 11 என்றோ 1001 என்றோ தொடங்கவில்லை; 0 என்றும் தொடங்கவில்லை. ஆகவே அந்தத் தொடரால் அதை உருவாக்க முடியாது. சில எடுத்துக்காட்டுகளைப் பார்த்து வடிவத்தை ஊகிப்பதை விட, தானியங்கியை முதலில் அமைத்து அதிலிருந்து தொடரைப் பெறுவதே இங்கு நம்பத்தக்க வழி. முடிவுறு தானியங்கி ஏற்கும் ஒவ்வொரு மொழிக்கும் சுருங்குறித்தொடர் உண்டு என்பதை இசுடீபன் கிளீனி 1956-இல் வெளியான கட்டுரையில் நிறுவியிருக்கிறார்.

நிலைகளைத் தேர்ந்தெடுத்தல்

தானியங்கி சரத்தை இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் படிக்கிறது. இதுவரை படித்த பகுதியில் எதை நினைவில் வைத்தால் போதும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எண்ணின் முழு மதிப்பையும் வைத்திருக்க முடியாது. அது எல்லையின்றி வளரும். 3-ஆல் வகுத்தால் வரும் மீதி போதும். அது 0, 1, 2 என மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எனவே r0, r1, r2 என மூன்று நிலைகள் போதும்.

ஓர் இரும எண்ணின் வலப்பக்கம் 0 சேர்த்தால் மதிப்பு இரட்டிப்பாகும். 1 சேர்த்தால் இரட்டிப்பாகி ஒன்று கூடும். மீதியும் அப்படியே மாறும். எடுத்துக்காட்டாக, மீதி 2 ஆக உள்ளபோது 1 வந்தால் 2×2+1=5; அதன் மீதி மீண்டும் 2. இப்படிக் கணக்கிட்டால் கிடைக்கும் அட்டவணை:

```
நிலை   0    1
r0     r0   r1
r1     r2   r0
r2     r1   r2
```

r0 தொடக்க நிலை. ஏற்பு நிலையும் அதுவே. 10101 என்ற சரத்தை இதில் ஓட்டினால் r0-இலிருந்து r1, r2, r2, r1, r0 என்று சென்று ஏற்பு நிலையில் முடிகிறது. 101 (அதாவது 5) r2-இல் நின்றுவிடுவதால் ஏற்கப்படாது.

நிலைகளை நீக்குதல்

இனி தொடரைப் பெற, ஏற்பு நிலை அல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். முதலில் r2. அதற்குள் நுழைய r1-இலிருந்து 0 என்ற ஒரே வழிதான். உள்ளே 1 எத்தனை முறை வேண்டுமானாலும் சுழலலாம். வெளியேற 0 வழியாக r1-க்கே திரும்ப வேண்டும். ஆக r2-ஐ நீக்கினால் r1-இன் மேல் `01*0` என்ற சுழல் வந்து அமரும். அடுத்து r1. r0-இலிருந்து 1 வழியாக அதற்குள் சென்று, அச்சுழலை விரும்பிய முறை சுற்றி, 1 வழியாக r0-க்குத் திரும்பலாம். எனவே r0-இன் மேல் `1(01*0)*1` என்ற சுழல் சேரும். அங்கு ஏற்கெனவே 0 சுழலும் உள்ளதால் விடை:

```
(0|1(01*0)*1)*
```

முன்பு ஊகித்த தொடரில் விடுபட்டது இதில் தெளிவாகத் தெரியும். `01*0` பகுதியில் இரு 0-களுக்கு நடுவே 1 எதுவும் வராத வடிவம் 1001-ஐத் தந்தது; ஒரு 1 வந்தால் 10101; இரண்டு வந்தால் 101101, அதாவது 45. இவ்வாறு முடிவின்றி நீளும் துண்டுகளை எண்ணி எழுதித் தீர்க்க முடியாது.

இந்நிலைநீக்கத்தில் பெரும்பாலும் நேரும் பிழை, சுழலை மறப்பது. r2-ஐ நீக்கும்போது `01*0` என்பதற்குப் பதில் `00` என்று எழுதினால் விடை `(0|1(00)*1)*` ஆகிவிடும். 21-ஐக் கொண்டு சோதித்தால் இந்தப் பிழையும் பிடிபடும். 18 வரை சோதித்தால் பிடிபடாது.

வினாவின் சொற்களையும் கவனிக்க வேண்டும். மேற்கண்ட விடை வெற்றுச் சரத்தையும், 0011 போன்று முன்னால் 0 வரும் சரங்களையும் ஏற்கிறது. வெற்றுச் சரம் கூடாது என்றால் r0-ஐத் தொடக்க நிலையாக வைக்க இயலாது. ஏற்காத புதிய தொடக்க நிலை ஒன்று தேவை. முன்னால் தேவையற்ற 0-உம் கூடாது என்றால் தொடர் இவ்வாறு மாறும்:

```
0|1(01*0)*1(0|1(01*0)*1)*
```

இதில் முதலில் நிற்கும் 0, சுழியம் என்ற எண்ணுக்காக மட்டுமே. அதன்பின் எதுவும் ஒட்டாது.