வைரமா, மொய்சனைட்டா, அமெரிக்கன் டைமண்டா? குறைந்த செலவில் மோதிரக் கல் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

நிச்சயதார்த்த மோதிரத்தின் கல்லுக்கு 25,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 6.5 மி.மீ. விட்டமுள்ள வட்ட வடிவ இயற்கை வைரம் ஒரு காரட் எடை கொண்டது. அதன் விலை பொதுவாக லட்சங்களில் இருக்கும். கையில் உள்ள தொகைக்கு கால் காரட் அளவிலான, சுமார் 4 மி.மீ. கல்லே கிடைக்கக்கூடும். அதே 6.5 மி.மீ. அளவில் மொய்சனைட் சில ஆயிரம் ரூபாய்க்கும், அமெரிக்கன் டைமண்ட் என்று அழைக்கப்படும் கியூபிக் சிர்கோனியா சில நூறு ரூபாய்க்குள்ளும் கிடைக்கின்றன.

மொய்சனைட் என்பது சிலிக்கான் கார்பைடு. பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி மொய்சான் 1893-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த விண்கல் துண்டுகளில் இதைக் கண்டறிந்தார். நகைகளில் பதிக்கப்படுவது ஆய்வகத்தில் உருவாக்கப்படுவதே.

பளபளப்பில் மொய்சனைட் வைரத்தையே விஞ்சுகிறது. வெள்ளொளியை வண்ணங்களாகப் பிரிக்கும் திறன் அதற்கு வைரத்தைவிட இரு மடங்குக்கும் அதிகம். இதனால் வெயிலிலும் விளக்கொளியிலும் வானவில் நிறங்கள் தெறிக்கும். சிலருக்கு அதுவே மிகையாகத் தோன்றுவதும் உண்டு. சிர்கோனியாவும் வண்ணங்களைச் சிதறடிக்கும். எனினும் அதன் வெண்ணிற ஒளிர்வு வைரத்தைவிடக் குறைவு.

உண்மையான வேறுபாடு நாள்பட அணியும்போதுதான் தெரியும். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, மொய்சனைட் சுமார் 9.25, சிர்கோனியா 8 முதல் 8.5 வரை. அன்றாடம் அணியும் மோதிரத்தில் சிர்கோனியாவின் பட்டை விளிம்புகள் மெல்ல மழுங்கி, மேற்பரப்பில் நுண்கீறல்கள் விழும். மங்கிய கல்லை மிதமான சோப்பு நீரில் மென்மையாகத் துலக்கிப் பார்க்கலாம். பொலிவு திரும்பினால் காரணம் எண்ணெய்ப் படலம். திரும்பாவிட்டால் அது தேய்மானம், கல்லை மாற்றுவதே வழி. உரசல் குறைவான கம்மலுக்கு சிர்கோனியாவே போதுமானது. தினமும் அணியும் மோதிரத்துக்கு மொய்சனைட் ஏற்றது.

வாங்கும்போது காரட் கணக்கு குழப்பம் தரும். ஒரே 6.5 மி.மீ. அளவில் மொய்சனைட் சுமார் 0.88 காரட்டும், அடர்த்தி மிகுந்த சிர்கோனியா 1.6 காரட்டுக்கு மேலும் எடையிருக்கும். ஆகவே விலையை மில்லிமீட்டர் அளவில் ஒப்பிடுவதே சரி.

வெப்பக் கடத்தலை மட்டும் அளக்கும் சோதனைக் கருவி சிர்கோனியாவை இனங்கண்டுவிடும். மொய்சனைட்டையோ வைரம் என்றே காட்டக்கூடும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், மொய்சனைட்டில் பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். வைரத்திலும் சிர்கோனியாவிலும் அவ்வாறு தெரியாது.

மறுவிற்பனையில் மொய்சனைட்டுக்கும் சிர்கோனியாவுக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. சிறிய வைரத்துக்கும் வாங்கிய விலை பெரும்பாலும் திரும்புவதில்லை.