வயதைக் கேட்காத விளம்பரம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில், பழைய கார் வாங்கக் கடன் தரும் சின்னக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஃபேஸ்புக் விளம்பரங்களைக் கவனிப்பவர் சென்னையில் இருக்கிறார். இப்படி அமெரிக்கக் கணக்குகளை இரவு ஷிஃப்டில் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிகள் இங்கே உண்டு. சங்கத்தின் மேலாளர் கேட்பது எளிதான விஷயம்தான். கிளையைச் சுற்றி ஆறு ஜிப் கோடு, அதாவது நம் பின்கோடு மாதிரி. 25 முதல் 45 வயது. ஏற்கெனவே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களைப் போன்ற ஆட்கள்.

செருப்பு விற்பதாக இருந்தால் இது பத்து நிமிட வேலை. விற்பது கடன் என்பதால், விளம்பரத்தைத் தொடங்கும்போதே ‘Special Ad Categories’ என்ற கட்டத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னவுடன் பின்னால் வரும் பக்கங்கள் மாறிவிடுகின்றன. வயது 18-இலிருந்து 65-க்கு மேல் வரை என்று பூட்டிக் கிடக்கிறது. ஆண், பெண் என்று பிரிக்க முடியாது. ஜிப் கோடு ஏற்றுக்கொள்ளப்படாது. இன்னாரைப் போன்றவர்களைத் தேடித் தா என்று கேட்கும் ‘லுக்அலைக்’ வசதியும் கிடையாது. மேலாளர் கேட்ட மூன்றில் ஒன்றுகூடத் தேறாது.

இந்தப் பூட்டு 2016-இல் வந்த ஒரு செய்தியில் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் வீட்டுவசதி சார்ந்த ஒரு விளம்பரத்தைத் தாங்களே காசு கொடுத்து வாங்கினார்கள். கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர், ஹிஸ்பானியர் ஆகியோரோடு ‘நெருக்கம்’ உள்ளவர்களுக்கு இது காட்டப்படக் கூடாது என்று குறித்தார்கள். ஃபேஸ்புக் அதை ஒப்புக்கொண்டது. வீட்டு விஷயத்தில் இனம் பார்ப்பதை 1968-இலேயே அமெரிக்கச் சட்டம் தடுத்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுப்பதில் 40 வயதைத் தாண்டியவர்களை ஒதுக்கக் கூடாது என்பது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். கடனுக்கு 1974-இல் தனிச் சட்டம் வந்தது. செய்தித்தாளில் ‘இன்னார் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்று அச்சடித்தால் மாட்டிக்கொள்வோம் என்பது விளம்பரதாரர் எல்லாருக்கும் தெரியும். ஃபேஸ்புக்கில் அந்த வாக்கியத்தை அச்சடிக்கத் தேவையில்லை. விளம்பரம் அவர் கண்ணில் படாமலே போய்விடும். தான் ஒதுக்கப்பட்டது ஒதுக்கப்பட்டவருக்கே தெரியாது.

தேசிய நியாய வீட்டுவசதிக் கூட்டமைப்பும் சிவில் உரிமை அமைப்புகளும் ஒரு தொழிற்சங்கமும் தொடுத்த வழக்குகள் 2019 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தன. வீடு, வேலை, கடன் ஆகிய மூன்றுக்கும் தனி வாசல் வைக்க ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. கூகுளும் 2020-இல் இதே மாதிரி ஒரு விதியை அமெரிக்காவிலும் கனடாவிலும் கொண்டுவந்தது. அங்கே திருமணமானவரா, குழந்தை உள்ளவரா என்று பார்ப்பதற்கும் தடை.

பூட்டுகளில் மேலாளரை அதிகம் எரிச்சலூட்டுவது 15 மைல் விதி. ஒரு நகரத்தையோ முகவரியையோ குறித்தால், அதைச் சுற்றிக் குறைந்தது 15 மைல் விட்டாக வேண்டும். 15 மைல் என்றால் சுமார் 24 கிலோமீட்டர். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,830 சதுர கிலோமீட்டர் வருகிறது. 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சியைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அடையாறு கிளைக்காகப் போட்ட விளம்பரம் செங்குன்றம் வரை போவது மாதிரி. காரணம் இல்லாமல் இப்படி வைக்கவில்லை. அமெரிக்க நகரங்களில் எந்தத் தெருவில் யார் வசிக்கிறார்கள் என்பது இன வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. ஆறு ஜிப் கோடுகளைத் தேர்ந்தெடுக்கிறவர் இனம் என்ற சொல்லையே உச்சரிக்காமல் இனத்தைத் தேர்ந்தெடுத்துவிட முடியும். சின்ன வட்டத்துக்கும் அதே சக்தி உண்டு. பெரிய வட்டத்தில் அது கரைந்துவிடுகிறது.

இவ்வளவு பூட்டியும் பிரச்சினை தீரவில்லை என்பதுதான் இதில் சுவாரசியமான பகுதி. நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், அப்டர்ன் என்ற அமைப்போடு சேர்ந்து, 2019-இல் ஒரு சோதனை செய்தார்கள். பல வேலைகளுக்கு விளம்பரம் கொடுத்தார்கள். வயது, பாலினம் எதையும் குறிக்கவில்லை. யாருக்குக் காட்டுவது என்பதை ஃபேஸ்புக்கின் இயந்திரத்திடமே விட்டுவிட்டார்கள். மரம் வெட்டும் வேலைக்கான விளம்பரங்களில் ஒன்றைப் பார்த்தவர்களில் 90 சதவீதம் ஆண்கள். சூப்பர்மார்க்கெட் காசாளர் வேலைக்கான விளம்பரம் ஒன்றைப் பார்த்தவர்களில் 85 சதவீதம் பெண்கள். இரண்டுமே அதிகபட்சச் சாய்வு காட்டிய உதாரணங்கள்தான். ஆனால் விளம்பரம் கொடுத்தவர் எவரையும் ஒதுக்கவில்லையே.

யாருடைய கை இதற்குள் இருந்தது? அதைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்களுக்குப் பிடிக்கும் என்று கருதப்படும் படங்களையும் பெண்களுக்குப் பிடிக்கும் என்று கருதப்படும் படங்களையும் ஏறக்குறைய முழுக்கக் கண்ணாடியாக, ஒளி ஊடுருவும்படி மாற்றினார்கள். மனிதர் பார்த்தால் அது வெறும் வெள்ளைக் கட்டம். கோப்புக்குள் மட்டும் படம் இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாததால், அவர் விரும்பினார், வெறுத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும் ஒன்று ஆண்கள் பக்கமும் மற்றொன்று பெண்கள் பக்கமும் சாய்ந்தது. படத்தை இயந்திரம் படித்து, இது யாருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே ஊகித்திருக்கிறது.

அமெரிக்க நீதித்துறை 2022 ஜூனில் மெட்டாவோடு செய்துகொண்ட உடன்பாடு இந்த இடத்தைத்தான் தொட்டது. வீட்டு வழக்கில் சட்டம் அனுமதித்த உச்ச அபராதம் 1,15,054 டாலர். மெட்டாவுக்கு அது டீ செலவு. லுக்அலைக்குக்குப் பதிலாக வைத்திருந்த மாற்று ஏற்பாட்டையும் கைவிட வேண்டியிருந்தது, அதுதான் வலித்திருக்கும். கூடவே, விளம்பரத்தைப் பெறத் தகுதியான கூட்டத்தில் பெண்கள் எவ்வளவு, எந்த இனத்தவர் எவ்வளவு, உண்மையில் பார்த்தவர்களில் எவ்வளவு என்று ஒப்பிட்டு, இடைவெளியைக் குறைக்கும் ஒரு திருத்தும் அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது. 2023-இல் அது முதலில் வீட்டு விளம்பரங்களுக்கு வந்தது. இனத்தை யாரிடமும் நேராகக் கேட்காததால், குடும்பப் பெயரையும் வசிக்கும் பகுதியையும் வைத்து மொத்தமாக மதிப்பிடும் ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள்.

இனி நம் கொலம்பஸ் சங்கத்துக்கு வருவோம். மாதம் 3,000 டாலர் பட்ஜெட், வாரத்துக்கு 700 என்று வைத்துக்கொள்ளலாம். வட்டத்தைக் குறைக்க வழியில்லை. எனவே இடத்தைச் சொல்லும் வேலையை வாசகம் செய்ய வேண்டும். இத்தகைய சங்கங்களில் உறுப்பினராக, பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்தில் வசித்தாக வேண்டும். நம் சங்கத்துக்கு அது ஃபிராங்க்ளின் கவுண்டி. 24 கிலோமீட்டர் வட்டமோ பக்கத்து டெலவேர், லிக்கிங் கவுண்டிகளுக்குள்ளும் புகும். ‘ஃபிராங்க்ளின் கவுண்டியில் வசிப்பவர்களுக்கு’ என்பதைத் தலைப்பிலேயே போட்டால் வெளியில் இருப்பவர் தானாகவே கடந்துபோவார். தப்பி வருகிறவரைப் படிவத்தின் முதல் கேள்வி நிறுத்தும். ஜிப் கோடு செய்த வேலையைத் தலைப்பும் படிவமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், இங்கே தகுதி என்ன என்பது எல்லாருக்கும் தெரியும்படி எழுதியிருக்கிறது.

அடுத்தது, இயந்திரத்துக்கு எதை வெற்றி என்று சொல்வது. படிவம் நிரப்புவதே வெற்றி என்று சொன்னால், படிவம் நிரப்பும் பழக்கமுள்ளவர்களை அது கொண்டுவந்து குவிக்கும். கடன் வழங்கப்பட்டதுதான் வெற்றி என்றால் கேட்க நன்றாயிருக்கும். ஆனால் ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைபெற வாரத்துக்கு 50 வெற்றிகளாவது தேவை என்பது மெட்டா சொல்லும் கணக்கு. ஒரு கடனுக்கு 140 டாலர் விளம்பரச் செலவு என்று வைத்தால், 700 டாலரில் ஐந்துதான் கிடைக்கும். இயந்திரம் கற்றுக்கொண்டே இருக்கும், வாரங்கள் ஓடிவிடும். நடுவில் ஒரு படியைப் பிடிக்க வேண்டும். கவுண்டிக் கேள்வியைத் தாண்டி, காரின் விலையையும் சொல்லி முடித்த படிவம், ஒன்றுக்கு 14 டாலர் என்றால் 50 கிடைத்துவிடும். திட்டமிடுகிறவரின் திறமை முன்பு ஆளைக் குறிவைப்பதில் இருந்தது. இப்போது அது இந்தப் படியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

படங்களில் கவனம் வேண்டும். இருபது வயதுப் பையன் சிவப்புக் காரில் சாய்ந்து நிற்கும் படத்தை மட்டும் போட்டால், பூட்டிய வயதைப் பின்வாசலில் திறந்தது போலத்தான். கண்ணாடிப் படச் சோதனை நினைவிருக்கட்டும். பாட்டி, வேலைக்குக் கிளம்பும் பெண், ஆளே இல்லாத வெறும் கார் என்று பல படங்களை ஒரே தொகுப்பில் போடுவது மட்டும் போதாது. தொடக்கத்தில் எது க்ளிக் வாங்குகிறதோ அதன் பக்கமே பணம் ஓடும், மற்றவை பட்டினி கிடக்கும். பட்ஜெட்டைப் பிரித்துத் தனித்தனித் தொகுப்பாக வைத்தால் ஒவ்வொன்றும் பத்து நாளாவது ஓடும். ஆனால் 700 டாலரை மூன்றாகப் பிரித்தால் முன்சொன்ன 50 எட்டாது. இரண்டையும் ஒன்றாகப் பெற இந்தப் பட்ஜெட்டில் வழியில்லை. நானாக இருந்தால் ஆளில்லாத காரை ஒரே படமாக வைத்துக்கொண்டு, வாசகத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பேன்.

வகையைச் சொல்லாமல் நழுவலாமா என்று சிலர் கேட்பார்கள். நழுவினாலும் இயந்திரமே கண்டுபிடித்து விளம்பரத்தை நிராகரிக்கக்கூடும். கார் விற்பனைக் கடை ஒன்று மாதத் தவணைத் தொகையை ஓரமாகப் போட்டாலே கடன் விளம்பரம் என்று மாட்டிக்கொள்ளக்கூடும். மெட்டா 2025 தொடக்கத்தில் அமெரிக்காவுக்கான கடன் வகையை நிதிச் சேவைகள் என்று விரித்து, காப்பீடு, வங்கி, முதலீட்டு விளம்பரங்களையும் உள்ளே சேர்த்திருக்கிறது. அதனால் ‘இது கடன் அல்லவே’ என்ற வாதத்துக்கும் இடம் குறைந்துவிட்டது.

பூட்டாமல் விட்ட ஒரு கதவு உண்டு. சங்கம் தன் பழைய வாடிக்கையாளர்களின் பட்டியலை ஏற்றி, அவர்களுக்கு நேராக விளம்பரம் காட்டலாம். மேலாளர் அடுத்து அதைத்தான் கேட்பார். பட்டியல் எப்படிப்பட்டதோ விளம்பரமும் அப்படிப்பட்டது. சங்கம் 30 ஆண்டுகளாக ஊரின் ஒரு பக்கத்துக்கே கடன் கொடுத்து வந்திருந்தால், விளம்பரமும் அந்தப் பக்கத்துக்கே போகும். ஃபேஸ்புக் கண்டுகொள்ளாது, கடன் சட்டத்தின் பொறுப்போ சங்கத்தின் தலையில்தான். கடன் தருகிறவர் விண்ணப்பதாரரின் இனத்தைப் பொதுவாகக் கேட்கக் கூடாது என்பதால், முகவரியை வைத்துத்தான் இதைச் சோதிக்க முடியும். இப்படி அமெரிக்கக் கணக்கு பார்க்கும் நண்பர்களே, பட்டியலை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை திறந்து, கவுண்டியின் எந்தெந்தப் பகுதி முகவரிகள் அதில் ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிடுங்கள்.