'ஐ டிட்ன்ட் ஈட் யெட்' தப்பா, சரியா? எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் நம்ம 'இன்னும்'!

மதியம் ஒன்றரை மணி. டீம் குரூப்பில் ஒருத்தர் கேட்கிறார்: 'லன்ச் முடிஞ்சுதா?' உடனே ஒரு பதில் வருகிறது: 'நோ, ஐ டிட்ன்ட் ஈட் யெட்.' யாருக்கும் புரியாமல் இல்லை. ஆனால் குரூப்பில் கிராமர் ஆர்வம் உள்ளவர் ஒருவர் இருந்தால் போதும், 'ஹேவன்ட் ஈட்டன்னு சொல்லணும் ப்ரோ' என்று கிளம்பிவிடுவார். இன்னொருத்தர் 'அமெரிக்கால இப்படித்தான் பேசுறாங்க' என்பார். லன்ச் ஆறிப்போகும்.

இதில் யார் சொல்வது சரி? சுருக்கமாகச் சொன்னால், இரண்டு பேருமே. கொஞ்சம் விரிவாகப் பார்த்தால், நம்ம ஆட்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது.

ஒரு 'சாப்பிடல', மூணு அர்த்தம்

தமிழில் 'சாப்பிட்டேன்', 'சாப்பிடுறேன்', 'சாப்பிட்டுட்டேன்', 'சாப்பிட்டிருக்கேன்' எல்லாம் வேற வேற. எந்தத் தமிழருக்கும் இதில் சந்தேகமே வராது. 'இந்தக் கடையில சாப்பிட்டிருக்கேன்' என்றால் அனுபவம். 'சாப்பிட்டுட்டேன்' என்றால் வேலை முடிந்தது, இனிமேல் எனக்குச் சோறு போட வேண்டாம்.

இப்போது இதையெல்லாம் எதிர்மறையாக மாற்றிப் பாருங்கள். 'நேத்து ராத்திரி சாப்பிடல.' 'இன்னும் சாப்பிடல.' 'சாப்பிட்டுட்டியா?' என்று கேட்டாலும் 'சாப்பிடல.' 'சாப்பிட்டுட்டு இருக்கியா?' என்று கேட்டால்கூட 'இல்ல, சாப்பிடல, சும்மா உட்கார்ந்திருக்கேன்' என்று சொல்லிவிடலாம். வினைச்சொல் ஒன்றேதான்: 'சாப்பிடவில்லை'. அது முடிந்துபோன காலத்தையா சொல்கிறது, இந்த நிமிடம் வரைக்கும் உள்ள நிலைமையையா என்பதை அந்தச் சொல் காட்டுவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் 'நேத்து', 'இன்னும்' போன்ற சொற்கள்தான் காட்டுகின்றன.

(வாழ்நாளில் ஒருமுறைகூட இல்லை என்பதற்கு மட்டும் தமிழில் தனி வடிவம் உண்டு: 'நான் சுஷி சாப்பிட்டதில்லை.' அதை யாரும் 'சாப்பிடல' என்று குழப்பிக்கொள்வதில்லை.)

ஆங்கிலம் இதை வேறு மாதிரி செய்கிறது. நேற்றைய கதை என்றால் 'டிட்ன்ட் ஈட்'. இந்த நிமிடம் வரை நடக்கவில்லை, இனி நடக்கலாம் என்றால் 'ஹேவன்ட் ஈட்டன்'. அதாவது நாம் 'நேத்து', 'இன்னும்' என்ற சொற்களிடம் விட்டுவிட்ட வேலையை, ஆங்கிலத்தில் வினைச்சொல்லே செய்கிறது.

ஸ்கூலில் 'இல்லை' என்றால் 'டிட்ன்ட்' என்று மனதில் பதிந்துவிடுகிறது. அதனால் 'இன்னும் சாப்பிடல' என்பதை மாற்றும்போது 'சாப்பிடல'வுக்கு 'டிட்ன்ட் ஈட்', 'இன்னும்'க்கு 'யெட்' என்று ஒட்டிவிடுகிறோம். வாக்கியம் ரெடி. தமிழ் மூளைக்கு அது நூறு சதவீதம் முழுமையாகத் தெரியும். ஏனென்றால் நம் கணக்குப்படி, 'இன்னும்' வந்துவிட்டாலே வேலை முடிந்தது.

அப்போ அமெரிக்கர்கள்?

அவர்களும் 'டிட்ன்ட் ஈட் யெட்' என்று சொல்கிறார்கள், உண்மைதான். பேச்சில் 'ஆல்ரெடி', 'யெட்', 'ஜஸ்ட்' வரும் இடங்களில் அமெரிக்கர்கள் சாதாரண இறந்த காலத்தைப் பயன்படுத்துவது ரொம்ப சகஜம். 'டிட் யூ ஈட் யெட்?', 'ஐ ஆல்ரெடி ஏட்', 'ஹி ஜஸ்ட் லெஃப்ட்' எல்லாம் அங்கே இயல்பான பேச்சு. வேகமாகப் பேசும்போது 'டிட் யூ ஈட்?' என்பது 'ஜீட்?' என்றே காதில் விழும். முதல் தடவை கேட்பவருக்கு அது எந்த மொழி என்றே புரியாது.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதே இடத்தில் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?', 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்பதுதான் வழக்கம். நம்ம ஸ்கூல் இலக்கணம் பிரிட்டிஷ் வழியில் வந்தது என்பதால், இங்கே திருத்துபவர்கள் அந்த விதியைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு பயனுள்ள விஷயம் உண்டு. 'ஹேவன்ட் ஈட்டன் யெட்' அமெரிக்காவிலும் சரிதான். அங்கேயும் எழுத்தில் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஒன்று இரண்டு பக்கமும் செல்லுபடியாகிறது, இன்னொன்று ஒரு பக்கப் பேச்சில் மட்டும். லண்டன் கிளையன்ட்டா, டெக்சாஸ் கிளையன்ட்டா என்று யோசிக்க வேண்டியதே இல்லை. குரூப் சாட்டில் எதைப் போட்டாலும் ஓகே. மெயிலிலும் இன்டர்வியூவிலும் 'ஹேவன்ட்' போட்டுவிட்டால் பிரச்னை முடிந்தது.

ஒரே ஃபைல், நாலு மெசேஜ்

சாப்பாட்டு விஷயத்தில் எதைச் சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை. வேலை மெயிலில்தான் சிக்கல். ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம்.

வியாழக்கிழமை ஒரு ஃபைல் அனுப்புவதாக கிளையன்ட் சொல்லியிருந்தார். இன்று திங்கள். ஃபைல் வரவில்லை. நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டும். தமிழில் 'ஃபைல் இன்னும் வரல சார்' என்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத வாய்ப்பிருக்கிறது.

முதல் வடிவம்: 'ஐ டிட்ன்ட் ரிசீவ் த ஃபைல்.' இது கதவைச் சாத்திவிட்ட வாக்கியம். படிப்பவர், 'நான் அனுப்பினேனா? அனுப்பி அது வழியில் தொலைந்துவிட்டதா?' என்று ஸ்பேம் ஃபோல்டர் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். அனுப்பப்பட்டு, வந்து சேரவில்லை என்று சொல்ல இது சரியான வாக்கியம். இன்னும் அனுப்பவே இல்லை என்ற நிலைமைக்குப் பொருந்தாது.

இரண்டாவது: 'ஐ ஹேவன்ட் ரிசீவ்ட் த ஃபைல் யெட்.' கதவு திறந்திருக்கிறது. வரும் என்று எதிர்பார்க்கிறேன், இதுவரை வரவில்லை. குரல் சமநிலையில் இருக்கிறது. பெரும்பாலான மெயிலுக்கு உங்களுக்குத் தேவையானது இதுதான்.

மூன்றாவது: 'ஐ ஸ்டில் ஹேவன்ட் ரிசீவ்ட் த ஃபைல்.' தகவல் அதேதான், ஆனால் குரல் ஏறிவிட்டது. 'வியாழக்கிழமையே வர வேண்டியது, நாலு நாள் ஆச்சு' என்ற சலிப்பு அந்த 'ஸ்டில்'லில் இருக்கிறது. தமிழில் 'யெட்'டுக்கும் 'இன்னும்', 'ஸ்டில்'லுக்கும் 'இன்னும்'. எரிச்சலைக் காட்ட நாம் 'இன்னும்ம்ம் வரல' என்று இழுப்போம், அல்லது 'இன்னமும்' என்போம். ஆங்கிலத்தில் அந்த இழுவையைச் செய்வது 'ஸ்டில்'. முதல் ரிமைண்டரிலேயே இதைப் போட்டுவிட்டு, 'நான் பொலைட்டாத்தானே எழுதினேன், ஏன் கோவிச்சுக்கிறாங்க?' என்று யோசிப்பவர்கள் நிறைய பேர். மூன்றாவது ரிமைண்டருக்கு இது ரொம்பப் பொருத்தம்!

நான்காவது, நம்ம ஊர் ஸ்பெஷல்: 'ஸ்டில் ஐ டிட்ன்ட் ரிசீவ் த ஃபைல்.' தமிழில் 'இன்னும்' வாக்கியத்தின் தொடக்கத்தில் வரலாம் என்பதால், 'ஸ்டில்'லையும் தூக்கி முன்னால் வைக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் வாக்கியத்தைத் தொடங்கும் 'ஸ்டில்'லுக்கு 'இருந்தாலும்' என்ற அர்த்தம்தான் பெரும்பாலும் வரும். படிப்பவருக்கு 'இருந்தாலும் எனக்கு ஃபைல் வரவில்லை' என்று கேட்கும். இருந்தாலும் என்றால், எது இருந்தாலும்? முந்தைய வரியை மறுபடி போய்ப் படிப்பார்.

எனவே இடம் முக்கியம். 'யெட்' கடைசியில் உட்காரும். 'ஸ்டில்' 'ஹேவன்ட்'டுக்கு முன்னால் நிற்கும். 'ஐ ஹேவன்ட் ஸ்டில் ரிசீவ்ட்' என்று உள்ளே நுழைத்தால் காதில் இடறும். 'ஆல்ரெடி'க்கு இயல்பான இடம் 'ஹேவ்'வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே: 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்.' அதையே கடைசியில் வைத்தால் பெரும்பாலும் ஆச்சரியம் சேர்ந்துவிடும். 'ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?' என்று மேனேஜர் கேட்டால், 'அதுக்குள்ள முடிச்சிட்டியா!' என்கிறார். பாராட்டா, சந்தேகமா என்பது மேனேஜரைப் பொறுத்தது.

'ஹேவ்' போட்டால் மட்டும் தப்பித்துவிட முடியாது

'டிட்ன்ட்' தப்பு என்று யாரோ திருத்தியதும், சிலர் எல்லா இடத்திலும் 'ஹேவ்' போடத் தொடங்கிவிடுகிறார்கள். 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் த மெயில் எஸ்டர்டே.' இந்திய ஆபீஸ் மெயில்களில் தினமும் பார்க்கலாம். இதுதான் பிரிட்டனிலும் தப்பு, அமெரிக்காவிலும் தப்பு. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'அட் டென் ஓ கிளாக்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வெளியே போய்விட வேண்டும். 'ஐ சென்ட் த மெயில் எஸ்டர்டே' என்றால் போதும். நேரம் சொல்லாமல் 'அதெல்லாம் அனுப்பியாச்சு' என்ற தொனி வேண்டும் என்றால் 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்.' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், 'டிட்ன்ட் ஈட் யெட்'டைவிட முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான்.

நேரம் முடிந்துவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? லன்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணிக்கு 'ஐ ஹேவன்ட் ஹேட் லன்ச்.' இன்னும் சாப்பிட வாய்ப்பு இருக்கிறது, யாராவது கூப்பிட்டால் எழுந்து போகலாம். அதே நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு 'ஐ டிட்ன்ட் ஹேவ் லன்ச்.' லன்ச் நேரம் போய்விட்டது. இனி சாப்பிட்டால் அது பஜ்ஜிதான். ஆறு மணிக்குச் சொல்லும் அந்த வாக்கியத்தில் 'யெட்' சேர்க்கத் தோன்றவே தோன்றாது. 'இனிமேல் நடக்க வாய்ப்பிருக்கா?' என்று உங்களையே கேட்டுக்கொண்டால் போதும். இருக்கு என்றால் 'ஹேவன்ட்', போயாச்சு என்றால் 'டிட்ன்ட்'.

கேள்விக்குப் பதில் சொல்லும்போது இன்னொரு பொறி இருக்கிறது. 'இன்னும் சாப்பிடலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா, இன்னும் இல்ல' என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஆமா'. 'ஹேவன்ட் யூ ஈட்டன் யெட்?' என்ற கேள்விக்கு அதே பழக்கத்தில் 'யெஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், நீங்கள் சாப்பிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர்கள் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே சொல்ல வேண்டியது 'நோ, ஐ ஹேவன்ட்'.